முதல் கோட் ரிவ்யூ: நாலு வரியில் ஒரு பாடம்

மென்பொருள் நிறுவனங்களில் ஒருவர் எழுதிய கோடு நேராகப் பயன்பாட்டுக்குப் போய்விடாது. இன்னொருவர் படித்து, தேவையான வரிகளுக்குப் பக்கத்தில் கமென்ட் எழுதி, ஒப்புதல் தந்த பிறகே அது சேரும். இதுதான் கோட் ரிவ்யூ. வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த ஜூனியருக்கு அந்தக் கமென்ட்தான் முதல் பாடம்.

ஆன்லைன் கடை ஒன்றின் ஆர்டர் பட்டியலை, ஜூனியர் ஒருவர் பைத்தானின் ஜாங்கோவில் இப்படி எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம்:

```python
for order in Order.objects.all():
    print(order.id, order.customer.name)
```

விடை சரியாகவே வரும். அவருடைய கணினியில் இருக்கும் பத்து ஆர்டருக்கு வேகமாகவும் ஓடும். ஆனால் ஆர்டர்களை எடுக்க டேட்டாபேஸிடம் ஒரு முறை கேட்டபின், ஒவ்வொரு வாடிக்கையாளர் பெயருக்கும் தனியாக ஒரு முறை கேட்கிறது. 5,000 ஆர்டர் சேர்ந்தால் 5,001 குவெரி, பக்கம் திணறும்.

“இது ரொம்ப ஸ்லோ. ஏன் இப்படி எழுதினீங்க?” என்று சீனியர் எழுதினால் ஜூனியருக்கு எதுவும் விளங்காது. அவர் கணினியில் ஸ்லோ இல்லையே! அந்த ‘ஏன்’ அவரைக் கூண்டில் வேறு நிறுத்திவிடுகிறது.

அதையே இப்படி எழுதலாம்: “இந்த லூப்பில் ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு குவெரி கூடுதலாகப் போகிறது. பத்து ஆர்டருக்குத் தெரியாது. 5,000 வந்தால் 5,001 குவெரி ஆகிவிடும். `Order.objects.select_related("customer")` என்று மாற்றினால் எல்லாம் ஒரே குவெரியில் வரும். `assertNumQueries(1)` வைத்து ஒரு டெஸ்டும் சேர்த்துவிடுங்கள்.”

இதில் ‘நீங்கள் தப்பு செய்தீர்கள்’ என்ற பேச்சே இல்லை, எழுவாய் லூப்தான். சிக்கல் எந்த இடத்தில், எப்போது வெளிப்படும், எதை மாற்ற வேண்டும், மாறியதை எப்படி உறுதி செய்வது என எல்லாம் இருக்கிறது. இதே தவறு வேறு நாலு இடத்தில் இருந்தால் நாலு முறை எழுத வேண்டாம். “இதே மாதிரி வேறு எங்காவது இருக்கிறதா, பாருங்கள்” என்றால் தேடும்போதே அவருக்குப் பிடிபட்டுவிடும்.

அடுத்தது, எது கட்டாயம், எது விருப்பம் என்று பிரித்துச் சொல்வது. ஒரு மாறியின் பெயர் இன்னும் தெளிவாக இருக்கலாம் என்பது போன்ற சின்ன விஷயத்துக்கு முன்னால் `Nit:` என்று போடும் வழக்கம் உண்டு. கூகுள் வெளியிட்டுள்ள ரிவ்யூ வழிகாட்டியும் இதைச் சொல்கிறது. அந்தக் குறி இல்லாவிட்டால், இருபது கமென்டைப் பார்க்கும் ஜூனியர் இடைவெளியையும் குவெரியையும் ஒரே எடையில் வைப்பார். இடைவெளியைச் சீராக்க ஃபார்மேட்டர் இருக்கிறது. அதற்கு மனிதர் கமென்ட் எழுத வேண்டியதே இல்லை.

ஒரே கமென்டுக்கு இரண்டு முறை பதில் போய் வந்தும் தெளியவில்லை என்றால், பக்கத்தில் போய் உட்கார்ந்து பேசிவிடுவதே மேல். பேசி முடிவானதை மட்டும் அந்தக் கமென்டின் கீழே ஒரு வரியில் எழுதிவைத்தால், பின்னால் படிப்பவருக்கும் காரணம் தெரியும்.