சிவப்பு அம்பு சொல்வது உண்மையா?

ஒரு ஜவுளிக்கடையின் கணினித் திரையில் 2024 நவம்பர் விற்பனைக் கட்டம்: பெரிய எண், அதன் கீழே சிவப்பில் இறங்கும் அம்பு, 'சென்ற ஆண்டு நவம்பரைவிட 40% குறைவு'. முதலாளிக்குப் பகீரென்கிறது. ஆனால் 2023-இல் தீபாவளி நவம்பர் 12. 2024-இல் அக்டோபர் 31. பண்டிகைக் கூட்டம் முழுவதும் அக்டோபருக்கே போய்விட்டது. அக்டோபரையும் நவம்பரையும் சேர்த்தோ, தீபாவளிக்கு முந்தைய நான்கு வாரங்களைச் சென்ற தீபாவளியின் நான்கு வாரங்களோடு வைத்தோ பார்த்தால்தான் வியாபாரம் உண்மையில் சரிந்ததா என்று தெரியும். மாதம் முடியுமுன் பார்ப்பதிலும் இதே கோளாறு உண்டு. பத்தாம் தேதி வரையிலான விற்பனையை முழு மாதத்தோடு ஒப்பிட்டால் அம்பு இறங்கியே தீரும். எதனோடு ஒப்பிட்டோம் என்பதை அம்புக்குப் பக்கத்திலேயே எழுதிவிட வேண்டும்.

நிறம் வேறு விஷயம். அம்பு திசையைக் காட்டட்டும்; நிறம் நல்லதா கெட்டதா என்று சொல்லட்டும். திருப்பிக் கொடுத்த துணிகள் 3 சதவீதத்திலிருந்து 5 ஆனால் அம்பு மேலே போகும், நிறமோ சிவப்பு. பல மென்பொருள்கள் ஏறினாலே பச்சை பூசிவிடும். அதை நாம்தான் மாற்றியமைக்க வேண்டும். வழக்கமான ஏற்ற இறக்கத்துக்குச் சாம்பல் நிறமே போதும். சிவப்பு, பச்சை பிரித்தறிய இயலாதவர்களுக்காக, 'கவனிக்கவும்' என்ற சொல்லையும் சேர்ப்பது அவசியம்.