இரண்டு மணி நேரப் பூட்டு

2015 ஏப்ரல் 25 அன்று நேபாளத்தைப் பெரும் நிலநடுக்கம் உலுக்கியது. மலைக்கிராமங்களுக்குச் செல்லும் வழியும், அங்கே எத்தனை வீடுகள் இருந்தன என்பதும் பல இடங்களில் எந்த வரைபடத்திலும் இல்லை. செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து அவற்றை 'ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்' என்ற பொது வரைபடத்தில் வரைந்து கொடுக்க, உலகெங்கும் ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் முன்வந்தார்கள். இன்று மூன்று மணி நேரம் உட்காருபவர் அடுத்த வாரம் வருவாரா என்பது அவருக்கே தெரியாது. அப்படிப்பட்டவர்களிடம் 'இந்த மாவட்டம் உங்கள் பொறுப்பு' என்று ஒப்படைத்தால் வேலை என்ன ஆகும்?

இதற்காகவே 'டாஸ்கிங் மேனேஜர்' என்ற மென்பொருள் இருக்கிறது. 2010 ஹைட்டி நிலநடுக்கத்துக்குப் பிறகு உருவான மனிதாபிமான வரைபடக் குழு நடத்துவது. வரைய வேண்டிய பகுதியை இது சிறு சிறு சதுரங்களாக வெட்டிவிடும். யாருக்கும் யாரும் வேலை ஒதுக்குவதில்லை. நேரம் கிடைத்தவர் வந்து ஒரு சதுரத்தை எடுத்துக்கொள்கிறார். உடனே அது அவர் பெயரில் பூட்டப்படுகிறது. அதே வீட்டை இன்னொருவர் மறுபடி வரைய வேண்டியதில்லை.

பூட்டுக்கு ஆயுள் 120 நிமிடம்தான்.

ஒருவர் ஞாயிறு மாலை நாற்பது வீடுகள் உள்ள சதுரத்தை எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இருபத்தைந்து வீடுகளை வரைந்து சேமித்த நிலையில் அவசர அழைப்பு வருகிறது. அப்படியே எழுந்து போய்விடுகிறார். இரண்டு மணி நேரம் முடிந்ததும் பூட்டு தானாகத் திறந்துவிடும். சேமித்த இருபத்தைந்து வீடுகளும் வரைபடத்திலேயே இருக்கும். அடுத்து வருபவர் மீதிப் பதினைந்தை வரைவார். போனவரைத் தேடி யாரும் நினைவூட்டல் அனுப்ப வேண்டியதில்லை. 'கிழக்குப் பக்கம் பாக்கி' என்று ஒரு வரி குறிப்பு எழுதித் தானே பூட்டைத் திறந்துவிட்டுப் போனால் இன்னும் நல்லது.

சதுரத்தின் அளவு தவறினால் அதுவும் தெரிந்துவிடும். ஒரே சதுரத்தைப் பலர் எடுத்து எடுத்து விட்டிருந்தால், அதன் வரலாற்றில் அது வரிசையாகப் பதிந்திருக்கும். பெரும்பாலும் வீடுகள் நெருக்கமாக இருக்கும், அல்லது படம் மேகம் மூடியிருக்கும். நெருக்கம் என்றால் அதை நான்காகப் பிரிக்கலாம். மேகம் என்றால் பிரித்துப் பயனில்லை. படம் சரியில்லை என்று குறித்து ஒதுக்கிவைக்க வேண்டியதுதான்.

இந்த முறை இடறும் இடமும் உண்டு. வரைந்து முடித்த சதுரத்தை வேறொருவர் சரிபார்க்க வேண்டும். அதற்கு அனுபவம் தேவை, அத்தகையவர்கள் குறைவு. அதனால் 'வரைந்தாயிற்று' என்ற கணக்கு வேகமாக ஏற, 'சரிபார்த்தாயிற்று' என்ற கணக்கு பின்தங்கி நிற்கும்.

நூலகமோ, நிவாரணக் குழுவோ, தன்னார்வலர்களை வைத்து நடத்துபவர்கள் பெயருக்கு நேரே வாரப் பொறுப்பை எழுதும் முன், அந்த வேலையை ஒரே அமர்வில் முடியும் துண்டுகளாக்கிப் பாருங்கள். எடுத்த துண்டு எப்போது பொதுவுக்குத் திரும்பும் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.