விடையைச் சுமந்து வரும் சராசரி

டார்கெட் என்கோடிங் என்பது பெயர்களாகவோ அடையாள எண்களாகவோ உள்ள வகைகளை, கணிக்க வேண்டிய விடையின் சராசரியால் மாற்றீடு செய்யும் முறை. கணினி மாதிரிகள் எண்களோடுதான் வேலை செய்யும். 'சிவப்பு, பச்சை, நீலம்' என்று மூன்று வகைகள் மட்டும் இருந்தால், மூன்று நெடுவரிசைகளை வைத்து, பொருந்தும் இடத்தில் 1 என்றும் மற்ற இடங்களில் 0 என்றும் குறித்துவிடலாம். வகைகள் ஆயிரக்கணக்கில் பெருகும்போது இந்த வழி அடைபட்டுவிடுகிறது. அப்படிப்பட்ட தரவுக்கு, ஒவ்வொரு வகையிலும் விடை சராசரியாக எவ்வளவு என்று கணக்கிட்டு அந்த ஒற்றை எண்ணை வகையின் இடத்தில் வைக்கும் முறையை டானியேலே மிச்சி-பரேக்கா 2001-இல் ஒரு கட்டுரையில் விளக்கினார். ஏழாயிரம் வகைகள் இருந்தாலும் கிடைப்பது ஒரே நெடுவரிசை. இன்றும் இது பரவலாகப் பயன்படுகிறது. கவனமின்றிச் செய்தால், இதே முறை விடையைச் சத்தமில்லாமல் மாதிரியின் கையில் கொடுத்துவிடுகிறது.

2013-இல் காகிள் தளத்தில் அமேசான் நிறுவனம் நடத்திய போட்டியின் தரவு இதைப் புரிந்துகொள்ள ஏற்றது. ஊழியர் ஒருவர் நிறுவனத்தின் ஏதோ ஒரு கணினி வளத்தைப் பயன்படுத்த அனுமதி கேட்கிறார்; அனுமதி கிடைக்குமா என்று கணிக்க வேண்டும். `ACTION` என்ற நெடுவரிசையில் 1 இருந்தால் அனுமதி, 0 இருந்தால் மறுப்பு. பயிற்சித் தரவில் 32,769 பதிவுகள் உள்ளன. அவற்றில் ஏறத்தாழ 94 விழுக்காடு அனுமதிக்கப்பட்டவை. எந்த வளம் கேட்கப்பட்டது என்பதைச் சொல்லும் `RESOURCE` நெடுவரிசையில் மட்டும் 7,518 வேறுவேறு அடையாள எண்கள். சராசரியாக ஒரு வளத்துக்கு நான்கு பதிவுகளுக்குச் சற்று மேல்தான் வருகிறது. பங்கீடும் சமமாக இல்லை: சில வளங்கள் நூற்றுக்கணக்கான முறை கேட்கப்பட்டிருக்க, ஒரே ஒருமுறை மட்டும் வருபவை ஏராளம்.

அந்த ஒருமுறை மட்டும் வரும் வளத்தில்தான் சிக்கல் அப்பட்டமாகத் தெரியும். அதன் ஒரே விண்ணப்பம் மறுக்கப்பட்டிருந்தால் சராசரி 0, அனுமதிக்கப்பட்டிருந்தால் 1. ஒரே பதிவின் சராசரி அந்தப் பதிவின் விடையேதான். வகையின் இயல்பைச் சொல்வதாக நினைத்து வைத்த எண், விடையின் நகலாகிவிட்டது. நான்கு பதிவுகள் உள்ள வகையிலும் ஒவ்வொரு பதிவின் சொந்த விடை சராசரியில் கால்பங்கு இடம் பிடித்திருக்கிறது. மாதிரியோ இந்த நெடுவரிசையை மிக நம்பகமானது என்று கற்றுக்கொண்டு, உண்மையிலேயே பயன்படும் மற்ற நெடுவரிசைகளைப் பின்னுக்குத் தள்ளுகிறது. புதிய விண்ணப்பம் வரும்போது அதன் விடை எந்தச் சராசரியிலும் கலந்திருக்காது. மாதிரி நம்பிய துணை அங்கே இல்லை.

இந்தக் கசிவு எவ்வளவு பெரியது என்பதைக் கணக்கிட்டே சொல்லலாம். விடையோடு எந்தத் தொடர்பும் இல்லாத, குலுக்கல் முறையில் ஒட்டப்பட்ட வகைகளை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு வகையிலும் n பதிவுகள் இருந்தால், சராசரிக்கும் விடைக்கும் இடையிலான ஒட்டுறவுக் கெழு சுமார் 1/√n. அதாவது வகைக்கு 100 பதிவுகள் என்றால் 0.1, வகைக்கு 4 பதிவுகள் என்றால் 0.5. ஒன்றுமே இல்லாத இடத்தில் 0.5 என்ற வலுவான உறவு முளைத்துவிடுகிறது. வகைகள் அதிகமாக அதிகமாக, பொய்யும் வளர்கிறது.

சராசரியை மென்மையாக்கினால் சிக்கல் தீர்ந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். பதிவுகள் குறைவாக உள்ள வகையின் சராசரியை மொத்தச் சராசரியை நோக்கி இழுப்பதுதான் மென்மையாக்கல். மொத்தச் சராசரி 0.94 என்று கொண்டு, அதற்குப் பத்துப் பதிவுகளின் எடையைக் கொடுப்போம். ஒரே பதிவு, அதுவும் மறுப்பு என்றால் கிடைப்பது 9.4/11, சுமார் 0.855. ஒரே பதிவு, அனுமதி என்றால் 10.4/11, சுமார் 0.945. இடைவெளி சுருங்கியது உண்மை. ஆனால் முடிவு மரம் 0.9 என்ற இடத்தில் ஒரு கோடு போட்டால் போதும், ஒற்றைப் பதிவு வகைகள் எல்லாம் விடைவாரியாகப் பிரிந்துவிடும். மென்மையாக்கல் நம்பகமற்ற சராசரிக்கான மருந்து; கசிவுக்கு அது மருந்தல்ல. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் இந்த முறையில் மிக அதிகமாக நடக்கும் பிழை.

அடுத்துத் தோன்றும் யோசனை, ஒவ்வொரு பதிவுக்கும் சராசரி எடுக்கும்போது அதன் சொந்த விடையை மட்டும் விட்டுவிடுவது. கேட்க நியாயமாக இருக்கும் இதிலும் விடை வேறு வழியில் வெளியேறுகிறது. ஒரு வகையின் நான்கு விடைகள் 1, 1, 1, 0 என்று இருக்கட்டும். அனுமதி பெற்ற பதிவுக்கு மற்ற மூன்றின் சராசரி 2/3, சுமார் 0.67. மறுக்கப்பட்ட பதிவுக்கோ மற்ற மூன்றும் 1 என்பதால் சராசரி 1. ஒரே வகைக்குள் உயர்ந்த எண் பெற்றதே மறுக்கப்பட்டது என்று தலைகீழாக விடை எழுதப்பட்டிருக்கிறது. மரம் அதையும் படித்துவிடும்.

கசிவைப் பெருமளவு அடைக்கும் வழி, தரவைக் கூறுகளாகப் பிரிப்பது. பயிற்சிப் பதிவுகளை ஐந்து கூறுகளாக்கி, ஒரு கூறில் உள்ள பதிவுகளுக்கான சராசரியை மற்ற நான்கு கூறுகளிலிருந்து மட்டும் எடுக்க வேண்டும். ஒருமுறையே வரும் வளத்துக்கு மற்ற கூறுகளில் பதிவே இருக்காது. எனவே மொத்தச் சராசரிதான் கிடைக்கும். அதுதான் நேர்மையான எண்ணும்கூட, ஏனெனில் அந்த வளத்தைப் பற்றி வேறெதுவும் தெரியாது. யாண்டெக்ஸ் நிறுவனம் 2017-இல் வெளியிட்ட கேட்பூஸ்ட் வேறொரு பாதையில் போகிறது: பதிவுகளைக் குலுக்கி வரிசைப்படுத்தி, ஒவ்வொரு பதிவுக்கும் வரிசையில் அதற்கு முன்னால் வந்தவற்றின் விடைகளை மட்டும் பயன்படுத்துகிறது.

சைகிட்-லேர்ன் நூலகத்தில் 1.3 பதிப்பு முதல் `TargetEncoder` இருக்கிறது. அதைச் சரியாகப் பயன்படுத்தும் விதம் இது:

```python
enc = TargetEncoder()
A = enc.fit_transform(X_train, y_train)
B = enc.transform(X_test)
```

பயிற்சித் தரவுக்கு `fit_transform` ஐந்து கூறுகளாகப் பிரித்தே சராசரி எடுக்கும். அதற்குப் பதிலாக `fit` செய்துவிட்டு அதே பயிற்சித் தரவின்மேல் `transform` செய்தால் அந்தப் பிரிப்பு நடக்காது. மேலே சொன்ன கசிவு அப்படியே திரும்பி வரும். பெரும்பாலான கருவிகளில் இவ்விரண்டு வழிகளும் ஒரே விடையைத் தருவதால், இங்கே எளிதில் ஏமாந்துபோக நேரிடும்.

இதைவிடக் கொடிய நிலை ஒன்று உண்டு. முழுத் தரவையும் முதலில் என்கோடிங் செய்துவிட்டு, அதன்பிறகு பயிற்சிக்கு என்றும் சரிபார்ப்புக்கு என்றும் பிரித்தால், சரிபார்ப்புப் பதிவுகளின் விடைகளும் சராசரிக்குள் புகுந்திருக்கும். முதல் வகைக் கசிவில் பயிற்சி மதிப்பெண் உயர்ந்து சரிபார்ப்பு மதிப்பெண் சரிவதால் ஏதோ தவறு என்று தெரிந்துவிடும். இங்கே இரண்டுமே சேர்ந்து உயர்கின்றன. எச்சரிக்க எதுவும் மிஞ்சுவதில்லை. மாதிரி நடைமுறைக்கு வந்த பிறகுதான் உண்மை வெளிப்படும். பிரிப்பது முதலில், என்கோடிங் அதற்குப் பிறகு என்ற வரிசை மாறக்கூடாது.

சந்தேகம் வந்தால் சோதிக்க எளிய வழி இருக்கிறது. `RESOURCE` நெடுவரிசையின் மதிப்புகளைப் பதிவுகளுக்கிடையே கண்டபடி குலுக்கிவிட்டு, அந்த ஒரே நெடுவரிசையை வைத்து, அதே என்கோடிங்கையும் அதே மதிப்பீட்டையும் மறுபடி ஓட்ட வேண்டும். குலுக்கிய நெடுவரிசைக்கு விடையோடு எந்த உறவும் இல்லை. அப்போதும் மாதிரி குருட்டு ஊகத்தைவிடத் தெளிவாக நன்றாகக் கணித்தால், விடை எங்கோ கசிகிறது என்று பொருள். அந்த மதிப்பெண்ணை நம்பி எந்த முடிவும் எடுக்கக்கூடாது.