செயலியின் வாசல் பக்கம்

ஒரு மொபைல் செயலியை அறிமுகப்படுத்துவதற்கென்றே அமைக்கப்படும் ஒற்றை இணையப் பக்கத்துக்கு லேண்டிங் பேஜ் என்று பெயர். விளம்பரத்தையோ, வாட்ஸ்அப்பில் வந்த இணைப்பையோ, கடைச் சுவரில் ஒட்டிய கியூஆர் குறியீட்டையோ தொட்டவர் முதலில் வந்து சேரும் இடம் இதுதான். இங்கிருந்து அவர் போகவேண்டிய இடமும் ஒன்றுதான்: கூகுள் பிளே அல்லது ஆப் ஸ்டோர். இந்தச் சிறு தூரத்தைக் கடக்கவைக்கப் பக்கத்திடம் இருப்பவை மூன்று: செயலியின் ஸ்கிரீன்ஷாட்கள், அதனால் கிடைக்கும் பயன்களைச் சொல்லும் வரிகள், பதிவிறக்கப் பொத்தான்கள்.

உதாரணத்துக்கு, வீட்டுப் பால் கணக்கை எழுதிவைக்கும் ஒரு செயலியை எடுத்துக்கொள்ளலாம். அதைச் செய்தவர் முதலில் எழுத நினைப்பது பெரும்பாலும் ‘நவீன வசதிகள் கொண்ட டிஜிட்டல் பால் மேலாண்மைத் தளம்’ என்பது போன்ற ஒரு வரியாக இருக்கும். காலண்டரில் பென்சிலால் ‘அரை’, ‘ஒன்று’ என்று குறித்துவரும் வீட்டுக்காரருக்கு அதில் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. ‘மாதக் கடைசியில் பால் கணக்கு தானே கூடி நிற்கும்’ என்றால் அவருக்குப் புரியும். வசதி என்பது செயலிக்குள் இருப்பது. பயன் என்பது அதனால் வீட்டில் மாறுவது. ‘தினசரி நினைவூட்டல்’ ஒரு வசதி. ‘குறிக்க மறந்த நாளை இரவு எட்டு மணிக்குக் கேட்டுவிடும்’ என்பது அதன் பயன். வசதியின் பெயரை எழுதி, ‘அதனால் என்ன?’ என்று ஒருமுறை கேட்டால் பெரும்பாலும் பயன் வரி கிடைத்துவிடும்.

போனில் பக்கம் திறந்ததும் விரலால் தள்ளாமலே தெரியும் பகுதியில் அந்த ஒரு வரியும், ஒரு ஸ்கிரீன்ஷாட்டும், ஒரு பொத்தானும் இருந்தால் போதும். படத்தின் அடிப்பகுதி திரையின் விளிம்பில் வெட்டுப்பட்டு நிற்பதில் தவறில்லை. கீழே இன்னும் இருக்கிறது என்பதை அதுவே சொல்லிவிடும். அதன்பின் மூன்று, நான்கு பயன்கள் வரிசையாக வரலாம். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அதை மெய்ப்பிக்கும் ஸ்கிரீன்ஷாட் இருக்கவேண்டும். பயன்களை ஓரிடத்திலும் படங்களை வேறோர் இடத்தில் நகரும் வரிசையாகவும் வைப்பது பரவலான வழக்கம். எந்த வரிக்கு எந்தப் படம் என்று தேடும் வேலையை அது வாசகரிடம் தள்ளிவிடுகிறது.

ஸ்கிரீன்ஷாட் சாட்சியாக நிற்கவேண்டுமானால் அதற்குள் இருக்கும் விவரம் உண்மைபோல் இருக்கவேண்டும். ‘Test User’ என்ற பெயரும் பூஜ்ய ரூபாயும் தெரியும் படம் எதையும் நிரூபிக்காது. பால் கணக்குச் செயலி ஜூன் மாதத்தைக் காட்டுகிறது என்று கொள்வோம்: 26 நாள் ஒரு லிட்டர், 4 நாள் அரை லிட்டர், ஆக 28 லிட்டர், லிட்டர் 52 ரூபாய் என்றால் 1,456 ரூபாய். இந்தக் கூட்டலை மனதுக்குள் போட்டுப் பார்ப்பவர்கள் உண்டு. தொகை தவறாக இருந்தால் கணக்குச் செயலியின் மேல் இருந்த நம்பிக்கை அங்கேயே போய்விடும். படத்தின் மேல்விளிம்பில் 12 சதவீத பேட்டரியும் யாரோ அனுப்பிய செய்திக் குறிகளும் தெரியாமல் எடுப்பதும் முக்கியம். ஆண்ட்ராய்டின் டெவலப்பர் அமைப்புகளில் அந்தப் பட்டையைச் சுத்தமாகக் காட்டும் டெமோ முறை இருக்கிறது.

எடுத்த படத்தை அப்படியே ஏற்றக்கூடாது. இன்றைய போன்கள் பலவற்றில் ஸ்கிரீன்ஷாட் 1080க்கு 2400 பிக்சல் அளவில் கிடைக்கும். பக்கத்தில் அது 270 பிக்சல் அகலத்தில்தான் தெரியப்போகிறது என்றால், கூர்மையான திரைகளுக்காக மூன்று மடங்கு வைத்தாலும் 810 போதும். அதை WebP வடிவில் சேமித்தால் கோப்பு இன்னும் சிறுக்கும். படத்தின் அகல உயரங்களையும் குறியீட்டிலேயே எழுதிவிட வேண்டும்:

```html
<img src="june-810.webp" width="270" height="600"
     alt="ஜூன் மாதப் பால் கணக்கு: 28 லிட்டர்">
```

அளவு எழுதாவிட்டால் படம் வந்து சேரும்வரை உலாவி அதற்கு இடம் ஒதுக்காது. வந்தவுடன் கீழே இருப்பதையெல்லாம் தள்ளிவிடும். பொத்தானைத் தொடப்போன விரல் வேறெதையோ தொட்டுவிடும். அலுவலக வைஃபையில் பக்கத்தைச் சோதிப்பவர் கண்ணில் இந்தக் கோளாறு படாது. மெதுவான மொபைல் இணைப்பில் திறந்து பார்த்தால் உடனே தெரியும்.

பொத்தான்களைப் பொறுத்தவரை சொந்தக் கற்பனைக்கு இடம் குறைவு. இரண்டு நிறுவனங்களும் தங்கள் பட்டயங்களை அதிகாரபூர்வப் படங்களாகவே தருகின்றன. நிறம் மாற்றுவதும் எழுத்தை மாற்றி வரைவதும் கூடாது. ஆப்பிள் தன் பட்டயத்துக்குத் திரையில் குறைந்தது 40 பிக்சல் உயரமும், சுற்றிலும் அந்த உயரத்தில் கால் பங்கு வெற்றிடமும் கேட்கிறது. மற்றக் கடைகளின் பட்டயங்களைவிடத் தன்னுடையது சிறியதாக இருக்கக்கூடாது என்பது கூகுளின் நிபந்தனை. இங்கேதான் பலர் இடறுவார்கள். பலரும் எடுத்துப் பயன்படுத்தும் கூகுள் பட்டயத்தின் PNG கோப்பில் வெற்று ஓரம் சேர்ந்தே வருகிறது. இரண்டுக்கும் 40 பிக்சல் உயரம் கொடுத்தால் கூகுளின் பட்டயம் ஆப்பிளுடையதில் மூன்றில் இரண்டு பங்காகச் சுருங்கித் தெரியும். அந்தக் கோப்புக்கு ஏறத்தாழ 60 பிக்சல் கொடுத்தால்தான் இரண்டும் சமமாக நிற்கும். ஐபோன் பதிப்பு இன்னும் வெளிவரவில்லை என்றால் ஆப்பிள் பட்டயத்தை வைக்காமலிருப்பதே நேர்மை.

பொத்தான் எத்தனை இடத்தில் வரலாம் என்பதற்கு மேலே ஒன்று, பயன்கள் முடிந்தபின் ஒன்று என்பது நல்ல அளவு. முழுத்திரையையும் மறைத்துக்கொண்டு ‘செயலியை நிறுவுங்கள்’ என்று வந்து நிற்பது வேறு விஷயம். கூகுள் பிளஸ் சமூகத்தளம் அப்படியொரு மறைப்பை வைத்துப் பார்த்து, 2015 ஜூலையில் கணக்கை வெளியிட்டது. அந்த மறைப்பைக் கண்டவர்களில் 9 சதவீதம் பேர் செயலிப் பொத்தானை அழுத்தினார்கள். 69 சதவீதம் பேர் தளத்துக்குள் நுழையாமலே திரும்பிவிட்டார்கள். மறைப்பை எடுத்துவிட்டுச் சிறிய பட்டையாக்கியபோது மொபைல் தளத்தின் அன்றாடப் பயனர்கள் 17 சதவீதம் கூடினார்கள், ஐபோன் செயலியின் நிறுவல்களோ 2 சதவீதம்தான் குறைந்தன. ஐபோனின் சஃபாரி உலாவியில் இத்தகைய சிறு பட்டையை ஆப்பிளே தருகிறது. பக்கத்தின் தலைப்பகுதியில் செயலியின் எண்ணுடன் ஒரு வரி சேர்த்தால் போதும்:

```html
<meta name="apple-itunes-app" content="app-id=123456789">
```

வந்தவரின் கருவியைக் கண்டறிந்து அதற்குரிய பட்டயத்தை மட்டும் காட்டுவதில் ஓர் ஆபத்து உண்டு. 2019இல் வந்த ஐபேட்ஓஎஸ் 13 முதல், ஐபேடின் சஃபாரி தன்னை மேக் கணினி என்றே இணையதளங்களிடம் அறிவித்துக்கொள்கிறது. ஆகவே இரண்டு பட்டயங்களையும் வைத்து, பொருத்தமானதை எடுப்பாகக் காட்டுவது பாதுகாப்பான வழி. மேசைக் கணினியில் பார்ப்பவருக்குப் பட்டயத்தால் நேரடிப் பயன் குறைவு. அவர் போனில் திறந்துகொள்ள ஒரு கியூஆர் குறியீடு பக்கத்தில் இருக்கட்டும்.

பக்கம் வேலை செய்கிறதா என்பதை மூன்று எண்கள் காட்டிவிடும்: வந்தவர்கள், பொத்தானை அழுத்தியவர்கள், நிறுவியவர்கள். கூகுள் பிளே இணைப்பின் கடைசியில் referrer என்ற குறிப்பைச் சேர்த்தால், எந்தச் சுவரொட்டி வழியாக, எந்த விளம்பரம் வழியாக நிறுவல் வந்தது என்பதையும் பிரித்தறியலாம். வருகை மிகுந்து அழுத்துதல் குறைந்தால் முதல் வரியையும் முதல் படத்தையும் மாற்றவேண்டும். அழுத்துதல் மிகுந்து நிறுவல் குறைந்தால் கோளாறு பக்கத்தில் இல்லாமலும் இருக்கலாம்: கடையில் தெரியும் மதிப்பெண் குறைவாக இருக்கலாம், கோப்பு பெரிதாக இருக்கலாம், அல்லது அங்குள்ள படங்கள் இந்தப் பக்கம் சொன்னதற்கு மாறாக வேறெதையோ காட்டிக்கொண்டிருக்கலாம்.