பேட்டரியில் மிச்சம் எவ்வளவு?

பழைய ஈய-அமில பேட்டரியை மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தாலே ஓரளவு பதில் கிடைத்துவிடும். சில மணி நேரம் சும்மா இருந்தபின் 12.7 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் ஏறத்தாழ பாதி. இப்போது சோலார் வீடுகளுக்கு வரும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியிடம் இந்தப் பழக்கம் செல்லாது.

அதன் நேர்முனைப் பொருளில் லித்தியம் நிறைந்த பகுதியும் லித்தியம் இல்லாத பகுதியும் அருகருகே இருக்கின்றன. மின்சாரத்தை எடுக்க எடுக்க இவற்றின் விகிதம்தான் மாறுகிறது. வோல்ட் பெரிதாக அசைவதில்லை. நான்கு செல் கொண்ட பேட்டரியில் 70 சதவீதத்திலிருந்து 30 சதவீதம் வரை இறங்கினாலும் வித்தியாசம் சுமார் 0.2 வோல்ட்தான். சாதாரண மல்டிமீட்டரின் பிழையே 0.07 வோல்ட் வரை இருக்கலாம். போதாததற்கு, இப்போதுதான் சார்ஜ் ஏறிய பேட்டரி, அதே அளவுக்கு இறங்கி நிற்கும் பேட்டரியைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டும். திரையில் 13.2 என்று வந்தால் மிச்சம் 40 சதவீதமாகவும் இருக்கலாம், 60 ஆகவும் இருக்கலாம்.

ஆகவே உள்ளே போவதையும் வெளியே வருவதையும் வரவு செலவு போல எழுதிவைப்பதே வழி. பேட்டரியின் எதிர்முனைக் கம்பியில் ‘ஷன்ட்’ என்ற மிகச் சிறிய மின்தடையைப் பொருத்துவார்கள். 500 ஆம்பியருக்கான ஷன்ட்டில் 10 ஆம்பியர் ஓடும்போது ஒரு மில்லிவோல்ட் எழும். கருவி அதை இடைவிடாமல் அளந்து, நேரத்தால் பெருக்கிக் கூட்டிக்கொண்டே போகும்.

100 ஆம்பியர்-மணி பேட்டரி மாலையில் நிறைந்திருக்கிறது என்று கொள்வோம். மூன்று மணி நேரம் விளக்குகளுக்கு 2 ஆம்பியர். இரவு எட்டு மணி நேரம் மின்விசிறிகளுக்கு 6 ஆம்பியர். மொத்தம் 54 போய்விட்டது, மிச்சம் 46. வோல்ட்டைப் பார்த்து இந்த எண்ணைச் சொல்லவே முடியாது.

இந்தக் கணக்கும் மெல்ல வழி தவறும். கருவி 0.05 ஆம்பியர் தவறாக அளந்தால் ஒரு நாளில் 1.2 ஆம்பியர்-மணி, முப்பது நாளில் 36. ஏதாவது ஒரு கம்பியை ஷன்ட்டைத் தாண்டி நேராக எதிர்முனையில் மாட்டியிருந்தால், அந்தச் செலவு கணக்குக்கே வராது. கருவி 40 சதவீதம் என்று காட்டும்போதே இன்வெர்ட்டர் அணைந்தால் இந்த இரண்டையும்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். பேட்டரிக்கு வயதாகி, கொள்ளளவு 85 ஆகக் குறைந்திருக்கவும் கூடும். கருவியோ இன்னும் 100 என்றே நம்பிக்கொண்டிருக்கும்.

வோல்ட் உண்மையிலேயே உதவுவது இங்கேதான். முழு சார்ஜை நெருங்கும்போது அது சட்டென்று உயரும். 14 வோல்ட்டைத் தாண்டி, உள்ளே போகும் மின்னோட்டமும் நான்கு ஆம்பியருக்குக் கீழே இறங்கினால், பேட்டரி நிறைந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு கருவி கணக்கை 100 சதவீதத்தில் புதிதாகத் தொடங்கும். மழைக்காலத்தில் பல நாள் அரைகுறையாகவே சார்ஜ் ஏறும் வீடுகளில் இந்தத் திருத்தம் நடப்பதே இல்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது, மின்வாரிய இணைப்பிலிருந்தாவது, பேட்டரியை முழுதாக நிரப்பிவிடுங்கள்.