தாத்தா வீடு எந்த ஊர்ல இருந்துச்சு?

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனப்போ, அப்பா தன்னோட தகரப் பெட்டியிலிருந்து ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை எடுத்துக் காட்டினார். மாடி வீடு ஒன்றின் முன்னால் தாத்தா வேட்டி சட்டையில் நிற்கிறார். “இதுதான்டா நம்ம காரைக்குடிப் பக்கத்து வீடு. உங்க பெரியப்பா வித்துத் தின்ன வீடு.” இந்த ஒரு வீட்டுக்காக அவரும் பெரியப்பாவும் முப்பது வருஷமாகப் பேசிக்கொள்வதில்லை. “அப்படி ஒரு வீடே நம்மகிட்ட இருந்ததில்ல” என்பது பெரியப்பா கட்சி.

படத்தை ஸ்கேன் செய்து சிங்கப்பூருக்குக் கொண்டுவந்தேன். பழைய வீட்டுப் படங்களை வைத்து ஊரைக் கண்டுபிடிப்பது எனக்கு ஒரு பொழுதுபோக்கு. நான் முதலில் செய்வது, ஆட்களை ஒரு காகிதத்தால் மறைத்துவிடுவது. வேட்டியைப் பார்த்தால் மனசு தானாகவே தமிழ்நாடு என்று முடிவு கட்டிவிடும். வேட்டி கப்பல் ஏறும், வீடு ஏறாது.

முதலில் கூரை. ஓட்டுக்கூரை தெருப்பக்கம் சரிந்து இறங்குகிறது. அது செட்டிநாட்டிலும் உண்டு என்பதால் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஓட்டின் வகையை நம்பினாலும் ஏமாந்துபோவோம். 1865-ல் மங்களூரில் பாசல் மிஷன்காரர்கள் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய பிறகு அந்தத் தட்டை ஓடு கப்பலேறிப் பல நாடுகளுக்குப் போயிருக்கிறது. மங்களூர் ஓட்டைப் பார்த்த உடனே ‘இது கேரளா’ என்று சொல்லி நானே ஒருமுறை அசடு வழிந்திருக்கிறேன். இந்தப் படத்தில் நான் கவனித்தது வேறு. கூரையின் இரண்டு ஓரத்திலும் பக்கச்சுவர் ஓட்டுக்கு மேலே கொஞ்சம் எழும்பி நிற்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் அதே உயரத்தில் அடுத்த வீட்டுக் கூரை தொடங்குகிறது. ஆக, இது தனி வீடு இல்லை. பொதுச்சுவர் வைத்து வரிசையாகக் கட்டிய வீடுகளில் ஒன்று. சுவரை மேலே தூக்கிக் கட்டினால் ஒரு வீட்டில் பிடித்த தீ அடுத்த கூரைக்குச் சட்டென்று தாவாது.

அடுத்து அகலம். தாத்தா முன்தூணை ஒட்டி நிற்கிறார். அதனால் அவரையே அளவுகோலாக எடுத்துக்கொள்ளலாம். அவர் உயரம் ஐந்தரை அடி என்று வைத்தால், வீட்டு முகப்பு அவரைப்போல மூன்றேகால் மடங்கு, அதாவது 18 அடிக்குப் பக்கம். தூணைவிட்டுத் தள்ளி நின்றிருந்தால் இந்தக் கணக்கு உதவாது. செட்டிநாட்டு மாடி வீட்டின் முகப்பு இவ்வளவு ஒடுக்கமாக இருக்காது.

மாடி ஜன்னல்தான் சந்தேகத்தைத் தீர்த்தது. நம்ம பக்கத்து ஜன்னலில் இரும்புக் கம்பி இருக்கும், கெட்டிப் பலகைக் கதவு இருக்கும். நடுவில் முற்றம் காற்று கொடுப்பதால் தெருப்பக்க ஜன்னலை நம்பி வீடு இல்லை. படத்தில் இருப்பது கிட்டத்தட்ட தரை வரை இறங்கும் உயரமான ஜன்னல்கள். கம்பி கிடையாது. கதவு முழுக்கச் சாய்வான மரச்சட்டங்கள், மேலே சின்னச் சின்னக் காற்றுத் துளைகள். இரண்டு பக்கமும் பொதுச்சுவர் என்றால் பக்கவாட்டில் ஜன்னல் வைக்க வழியில்லை. முகப்பிலிருந்துதான் முடிந்த அளவு காற்றை வாங்க வேண்டும். மழை அடிக்கும்போதும் காற்று வர வேண்டும் என்பதற்காகத்தான் அந்தச் சாய்வுச் சட்டம்.

கடைசியாக, அப்பா திண்ணை என்று நினைத்த இடம். திண்ணை தெருவைவிட உயரமாக, வீட்டோடு முடிந்துவிடும். இங்கே தாத்தாவுக்குப் பின்னால் தரை மட்டமாகவே இருக்கிறது. பக்கவாட்டில் சுவர் அடைக்கவில்லை. வளைவு வழியாகப் பார்த்தால் அடுத்த வீட்டுத் தூண், அதற்கடுத்த தூண் என்று போய்க்கொண்டே இருக்கிறது. இங்கே இருப்பவர்கள் தினமும் நடக்கிற ஐந்தடிப் பாதைதான் அது. 1822-ல் சிங்கப்பூர் நகரத் திட்டத்துக்கு ராஃபிள்ஸ் போட்ட விதி, வீட்டு முன்னால் மக்கள் நடக்கக் கூரையிட்ட வழி விட வேண்டும் என்றது. பினாங்கு, மலாக்கா என்று அந்த வழக்கம் பரவியது.

ஆக, அது மலாயாப் பக்கத்துக் கடைவீடு. எந்த ஊர் என்று கேட்டால் படம் பதில் சொல்லாது. இதே முகப்பு சிங்கப்பூரிலும் உண்டு, ஈப்போவிலும் உண்டு. தாத்தா பினாங்கில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர் என்பதால் பினாங்காக இருக்கலாம். அது அவருக்குச் சொந்தமா, வாடகையா, முதலாளி கடையா என்பதையும் சுவர் சொல்லாது.

வீடியோ காலில் அப்பாவுக்கு ஒவ்வொன்றாகக் காட்டினேன். ஜன்னல் வரைக்கும் சண்டை போட்டார். பின்னால் வரிசையாகப் போகும் தூண்களைப் பெரிதாக்கிக் காட்டியதும் பேச்சு நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து, “உங்க பெரியப்பாவுக்கு இப்ப கண்ணு தெரியுதாமாடா?” என்று கேட்டார். போன வருஷமே ஆபரேஷன் ஆயிடுச்சுப்பா என்றேன்.

“அப்ப இத கொஞ்சம் பெருசா பிரிண்ட் போட்டு அனுப்பு. ரெண்டு காப்பி.”