த்ராட்டிலை ஏற்றியதும் குவாட் ஏன் குலுங்குகிறது?

ட்ரோன் பந்தயத்தில் புறப்படும் ஒலி கேட்டதும் எல்லா பைலட்டுகளின் கையும் ஒரே வேலையைத்தான் செய்கிறது. த்ராட்டில் ஸ்டிக்கை ஒரே மூச்சில் உச்சிக்குத் தள்ளுகிறார்கள். 'பஞ்ச்' என்பது இதுதான். நன்றாக ட்யூன் செய்த குவாட் கோடு கிழித்தாற்போல் மேலே பாயும். சில குவாட்கள் அப்படிப் போவதில்லை. முழு வேகத்தில் 'டுர்ர்ர்' என்று அதிர்கின்றன, அல்லது த்ராட்டிலை இறக்கிய அடுத்த கணம் மூக்கை மேலும் கீழுமாக ஆட்டுகின்றன.

இவை இரண்டும் வேறு வேறு நோய்கள், மருந்தும் வேறு. இது தெரியாமல் பலர் முதலில் P எண்ணைக் குறைக்கிறார்கள். ஆட்டம் போகாமல் இருக்க, குவாட் மட்டும் மந்தமாகிவிடுகிறது.

பந்தய குவாட்டில் பைலட்டின் ஸ்டிக் கேட்பது சாய்வுக் கோணத்தை அல்ல, சுழலும் வேகத்தை. நொடிக்கு இத்தனை டிகிரி வேகத்தில் திரும்பு என்பதுதான் கட்டளை. உண்மையில் எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்பதை கைரோ அளக்கிறது. கேட்டதற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தை ஃப்ளைட் கண்ட்ரோலர் நொடிக்குப் பல்லாயிரம் முறை பார்த்து மோட்டார்களைத் திருத்துகிறது. இந்தச் சுற்றுக்குத்தான் ரேட் லூப் என்று பெயர். P அந்தக் கணத்துப் பிழையைப் பார்த்துத் தள்ளுகிறது. I நெடுநேரம் தீராத பிழையைச் சேர்த்து வைத்து ஈடுகட்டுகிறது. D பைக்கின் ஷாக் அப்சார்பர் போல ஆட்டத்தை அடக்குகிறது.

பஞ்ச் ஒரு நல்ல சோதனை. ரோல், பிட்ச் ஸ்டிக் நடுவில் இருப்பதால் பைலட் கேட்கும் சுழற்சி பூஜ்யம். எனவே அந்த ஒரு நொடியில் கைரோ காட்டுவது எல்லாம் குவாட்டின் சொந்த ஆட்டம். ஆள் இல்லாத திறந்த வெளியில், பிளாக்பாக்ஸ் பதிவை இயக்கிவிட்டு, குவாட்டை மிதக்க விட வேண்டும். த்ராட்டிலை ஒரு நொடி உச்சத்தில் பிடித்துச் சட்டென்று இறக்க வேண்டும். பிறகு பதிவைத் திறந்து கைரோ கோட்டில் ஓர் உச்சிக்கும் அடுத்த உச்சிக்கும் உள்ள இடைவெளியை அளந்தால் போதும்.

ஐந்து அங்குல ப்ராப், ஆறு செல் பேட்டரி, பீட்டாஃப்ளைட் மென்பொருள் கொண்ட ஒரு குவாட்டை எடுத்துக்கொள்வோம். பிட்ச் கோட்டில் உச்சிகள் 25 மில்லிநொடிக்கு ஒன்றாக வருகின்றன, அதாவது நொடிக்கு 40 முறை. மிதக்கும்போது கோடு அமைதியாக இருக்கிறது. முழு த்ராட்டிலில் மட்டும் அதிர்கிறது.

காரணம் ப்ராப்பின் இயல்பில் இருக்கிறது. ப்ராப் தரும் உந்துவிசை அதன் சுழற்சி வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்கிறது. வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும். அந்த இரட்டை வேகத்தில், சுழற்சியில் அதே 100 சுற்று கூடினாலும் விசையில் வரும் மாற்றம் முன்பைப்போல் இரு மடங்கு. மிதக்கும்போது அளவாகத் தெரிந்த திருத்தம் முழு த்ராட்டிலில் அளவு மீறிவிடுகிறது. குவாட் இலக்கைத் தாண்டிப் போகிறது, கண்ட்ரோலர் எதிர்ப்பக்கம் தள்ளுகிறது, அதுவும் தாண்டுகிறது. ஒரே P எண் மிதக்கும்போது சரியாகவும் பஞ்சில் தவறாகவும் இருப்பது இப்படித்தான்.

இதற்கென்றே பீட்டாஃப்ளைட்டில் டி.பி.ஏ. என்ற வசதி உண்டு. த்ராட்டில் ஏற ஏற இது லூப்பின் வலிமையைக் குறைக்கிறது. அதன் வழக்கமான அமைப்பு 65 சதவீதம், தொடக்கம் 1350. த்ராட்டில் 1350 வரை குறைப்பு இல்லை. அங்கிருந்து படிப்படியாகக் கூடி 2000-இல் 65 சதவீதம் குறைகிறது. ஆனால் அந்த அமைப்பு குறைப்பது D-ஐ மட்டும். P அப்படியே நிற்கிறது. நாம் எடுத்த குவாட்டில் சிக்கல் இதுதான்: முழு த்ராட்டிலில் தள்ளும் P முழுதாக இருக்க, அடக்கும் D மூன்றில் ஒரு பங்காகிவிட்டது. இரண்டையும் சேர்த்துக் குறைப்பதே பொருத்தம்.

```
set tpa_mode = PD
set tpa_rate = 30
set tpa_breakpoint = 1350
save
```

இப்போது பிட்ச் P 47 என்றால், முழு த்ராட்டிலில் அது சுமார் 33 ஆகிறது. மிதக்கும்போது 47 மாறாமல் இருக்கும். இங்கே 30-க்குப் பதில் பழைய 65-ஐயே விட்டுவிட்டால் P 16-க்கு இறங்கிவிடும். வேகமான வளைவுகளில் குவாட் தொளதொளவென்று போகும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். D முன்பைவிடக் குறைவாகவே வெட்டப்படுவதால் முழு த்ராட்டிலில் மோட்டார்களுக்கு இரைச்சல் கூடுதலாகப் போகும். அரை நிமிடம் பறந்து இறக்கி, பேட்டரியைக் கழற்றிவிட்டு மோட்டார்களைத் தொட்டுப் பார்ப்பது நல்லது. விரலை வைத்திருக்க முடியாத சூடு என்றால் D-ஐக் குறைக்க வேண்டும்.

உச்சிகள் எண்ண முடியாதபடி நெருங்கி, கோடு நொடிக்கு நூறு முறைக்கு மேல் புசுபுசுவென்று அடித்தால், ட்யூனிங்கைத் தொடவே கூடாது. வளைந்த ப்ராப், தளர்ந்த கை போல்ட், அடிபட்ட மோட்டார் பெல், ஃப்ரேமில் உரசும் கண்ட்ரோலர் போர்டு ஆகியவைதான் முதல் சந்தேகம்.

இனி இரண்டாவது நோய். இங்கே உச்சிகளின் இடைவெளி கால் நொடி, அதாவது நொடிக்கு நான்கு முறை. கண்ணாலேயே பார்க்கலாம். பஞ்சில் மூக்கு ஒரு பக்கம் போய், த்ராட்டிலை இறக்கியதும் எதிர்ப்பக்கம் துள்ளும். பெரும்பாலும் பேட்டரி சற்றுப் பின்தள்ளி அமர்ந்திருக்கும். பின் மோட்டார்கள் எப்போதும் கூடுதலாக உழைக்க வேண்டும்; அந்தக் கூடுதலை I நினைவில் வைத்திருக்கிறது. பஞ்ச் அடித்ததும் தேவை திடீரென்று மாறுகிறது, I தாமதமாகப் பின்தொடர்கிறது. த்ராட்டில் இறங்கிய பிறகும் I-இல் சேர்ந்த பாக்கி அங்கேயே இருக்கிறது. துள்ளல் அதன் விளைவு.

மிதக்கும்போது பதிவான நான்கு மோட்டார் கோடுகளையும் பார்த்தால் இது உறுதியாகும். பின் இரண்டும் எப்போதும் முன் இரண்டைவிட மேலே ஓடினால் பேட்டரியைச் சற்று முன்னே நகர்த்த வேண்டும். எந்த எண்ணையும் மாற்றாமல் இதுவே பல குவாட்களைக் குணப்படுத்திவிடும். அதன் பிறகும் பஞ்சில் மூக்கு விலகினால் `anti_gravity_gain` அளவைச் சிறிது கூட்டலாம். த்ராட்டில் சட்டென்று மாறும் வேளையில் மட்டும் அது I-ஐ வலுப்படுத்துகிறது. ஆனால் மெதுவான ஊசலாட்டம் தொடங்கினால் கூட்டியது அதிகம் என்று பொருள். ஒரு படி பின்வாங்க வேண்டும்.

ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் அதே பஞ்சை, முழு சார்ஜ் ஏற்றிய பேட்டரியில் திரும்பச் செய்து பார்க்க வேண்டும். ஆறு செல் பேட்டரி தொடக்கத்தில் 25.2 வோல்ட் தரும். பந்தயத்தின் முடிவில் 21 வோல்ட்டுக்கு அருகில் வந்துவிடும். மோட்டாரின் உச்ச வேகமும் அதோடு இறங்கும். தீர்ந்துபோகும் பேட்டரியில் அடங்கிவிட்டதாகத் தோன்றும் அதிர்வு, புது பேட்டரியோடு ஸ்டார்ட் கோட்டில் நிற்கும்போது திரும்ப வரும்.